ஹாஜரா டெக்ஸ்டைல் திறப்பு விழாவும் வராத வேனும்

"என் செய்திக்கு இதுவரைக்கும் மறுப்பு வந்ததில்லை. இனிமேலும் வராது. வந்தா, அன்னைக்கு நான் பேனாவை மலாக்கா ஆத்துல தூக்கிப் போட்டுருவேன்."

புக்கிட் பெருவாங் கோப்பிக் கடையில், கூரைக் காற்றாடி கேட்கும்படியாக, நாகமுத்து இப்படிச் சொன்னது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. அன்று அவர் விரதம். வயிறு காலியாக இருக்கும்போது வாய்க்கு வேலை கூடிவிடும் என்பதற்கு மலாக்கா மாநிலத்தில் வேறு சான்று தேவையில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். கோப்பிக்குக் காசு கொடுப்பவர் அவர் என்பதும் ஒரு காரணம்.

நாகமுத்து யார் என்பதை வரலாறு பதிவு செய்யத் தவறியிருப்பதால் இங்கே பதிவு செய்துவிடுவோம். வார நாட்களில் அவர் குருபோங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையின் சாமான் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி. மற்ற நேரங்களில், அதாவது மனைவி புனிதா வீட்டு வேலை சொல்லும் நேரங்களில், கோலாலம்பூர் தமிழ் நாளேடு ஒன்றின் மலாக்கா நிருபர். சம்பளம் கிடையாது. சட்டைப்பையில் நாளேட்டின் அடையாள அட்டை உண்டு. அந்த அட்டை தெரியும்படி மெல்லிய துணியில்தான் அவர் சட்டை தைப்பார். கோயில் திருவிழாவில் முன்வரிசை நாற்காலி, கல்யாணத்தில் தனி மேசை, சாவு வீட்டில்கூட "நிருபர் வந்துட்டாரு, வழி விடுங்க" என்ற குரல்: இவையெல்லாம் அந்த அட்டை ஈட்டித் தந்தவை. அட்டையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆணி, பசை, அட்டைப்பெட்டி எண்ணும் ஒரு கிராணி. இதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. அதனால்தான் இரவில் படுக்கும்போதும் அட்டையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்.

கடை திறப்பு, சங்கக் கூட்டம், இரத்த தான முகாம் எதுவானாலும் நாளேட்டுக்கு அனுப்ப வேண்டிய செய்தி அறிக்கையை எழுதித் தருபவர் அவரே. அவருடைய எழுத்துமுறை தனி ரகம். பேனாவைவிட அதில் வெள்ளை மைக்கு வேலை அதிகம். பழைய அறிக்கை ஒன்றை எடுப்பார். பெயர், இடம், தேதி, தொலைபேசி எண் இருக்கும் இடங்களில் வெள்ளை மை பூசுவார். வாயால் ஊதிக் காயவைப்பார். மேலே புதுப்பெயரை எழுதி நகலெடுத்தால் சாகாவரம் பெற்ற அறிக்கை ஒன்று மறுபிறவி எடுத்துவிடும். "மக்கள் வெள்ளம்", "அலைகடலென", "வரலாறு காணாத" ஆகிய சொற்கள் பத்தாண்டுகளாக ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில், மலாக்காவில் உலவி வந்ததன் இரகசியம் இதுதான்.

அந்தத் தீபாவளி புகைமூட்ட ஆண்டில் வந்தது. சுமத்ராக் காடு எரிந்த புகை அப்போதுதான் விலகத் தொடங்கியிருந்தது. மலேசிய வெள்ளியின் மதிப்பு விழுந்துகொண்டே போகிறது என்று எல்லாரும் கவலைப்பட்டார்கள், அது எங்கிருந்து எங்கே விழுகிறது என்று தெரியாதவர்கள் உட்பட. இப்படிப்பட்ட நாளில் புக்கிட் பெருவாங் புதுக் கடைவரிசையில் துணிக்கடை திறக்கத் துணிந்தார் நைனா முகம்மது. நகரில் அண்ணன் கடையில் காலமெல்லாம் கெஜக்கோல் பிடித்தவர். இப்போது தனியாகப் பிரிந்து, மனைவியின் பெயரையே கடைக்கு வைத்தார்: ஹாஜரா டெக்ஸ்டைல். தீபாவளிக்கென்றே பாவாடை, ஜிப்பா, சேலை எல்லாம் வாங்கி அடுக்கியிருந்தார். பண்டிகைக்கு முந்திய ஞாயிறு திறந்தால் வியாழக்கிழமைத் தீபாவளிக்குள் பாதியாவது போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த தீபாவளி வரை அந்தப் பாவாடைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதுவரை கடை தாங்குமா என்று அவர் கேட்கவில்லை. ஹாஜரா கேட்டிருந்தாள்.

அவர் நாகமுத்துவிடம் வந்தது புதன்கிழமை. அறிக்கை வியாழன் மதியத்துக்குள் கோலாலம்பூருக்கு ஃபேக்ஸில் போனால்தான் சனிக்கிழமை ஏட்டில் வரும். பண்டிகை வாரத்தில் பக்கமெல்லாம் வாழ்த்து விளம்பரம் அடைத்துக்கொள்ளும். இலவசச் செய்திக்கு இடம் கிடைப்பது பேருந்தில் சன்னலோரம் கிடைப்பதுபோல. "கவலையை விடுங்க பாய், நான் எழுதினா வரும்" என்றார் நாகமுத்து.

சொன்னபடி எழுதினார், அதாவது தேடினார். மூன்றாண்டுகளுக்கு முன் தம்பின் சாலையில் திறந்து, இப்போது மூடிக் கிடக்கும் ஒரு துணிக்கடையின் அறிக்கை கிடைத்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் புதிதாக ஒரு முன்னுரையே சேர்த்தார்: துணி மனிதனின் மானம் காப்பது, மானம் தமிழனின் உயிர், ஆகவே துணிக்கடை திறப்பவர் உயிர் காப்பவர் என்று போயிற்று அந்த வாதம். நைனா முகம்மதுவின் பேட்டி ஒன்றையும் அவரைக் கேட்காமலே எழுதிச் சேர்த்தார். இரண்டாம் பக்கத்தில் கடைப்பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் வெள்ளை மையால் மறைத்து மாற்றினார். நடுவிலிருந்த பத்தியைப் படிக்கவில்லை. தான் எழுதியதைத் தானே படித்துப் பார்ப்பது தன்னம்பிக்கை இல்லாதவர் செய்யும் காரியம் என்பது அவர் கொள்கை.

சனிக்கிழமை செய்தி வந்தது. "நமது மலாக்கா நிருபர் நாகமுத்து" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை அவர் ஐந்தாறு முறை படித்தார், அதாவது அந்த ஒரு வரியை.

ஞாயிறு காலை சட்டமன்ற உறுப்பினர் வந்தார், நாடாவை வெட்டினார், ஒரு ஜிப்பாவைத் தோளில் வைத்துப் படமெடுத்துக்கொண்டார், போனார். அவரோடு வந்த கூட்டமும் போயிற்று. கடைக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் இரண்டு மூன்று நின்றன. இந்துப் பெண்கள் தீபாவளி நோன்பு விரதத்தோடு வருவார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சைவச் சமையல்காரரிடம் சொல்லி வைத்த பசியாறல், பின்கட்டில் மூடிய பானைகளோடு காத்திருந்தது. தொலைபேசி மட்டும் ஓயாமல் அடித்தது. ஹாஜராதான் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தாள். நாலைந்து அழைப்புக்குப் பிறகு அவள் கணவனிடம் தொலைபேசிக் குழாயைக் கொடுத்தாள்.

நைனா முகம்மது கேட்டார், கேட்டார், பிறகு குழாயைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்: "தம்பி, ஜாசின் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா பேசறாங்க. வேன் இன்னும் வரலையாம். எந்த வேன்?"

நாகமுத்துவின் அக்குளில் அன்றைய பெருமைக்காக ஏட்டின் பிரதிகள் நாலைந்து இருந்தன. ஒன்றை உருவி, வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் செய்தியைக் கடைசி வரை படித்தார்.

முன்னுரை இல்லை. மானம் இல்லை, உயிர் இல்லை. பேட்டி இல்லை. உதவி ஆசிரியர் எல்லாவற்றையும் வெட்டி, கடைப்பெயர், இடம், நேரம், எண் ஆகியவற்றை மட்டும் விட்டிருந்தார். கூடவே ஒரு பத்தியையும் விட்டிருந்தார், பொதுமக்களுக்குப் பயன்படும் தகவல் ஆயிற்றே: 'தோட்டத்து மக்களின் வசதிக்காக ஞாயிறு காலை ஜாசின் வட்டாரத் தோட்டங்களின் முச்சந்திகளிலிருந்து கடைக்கு இலவச வேன் வசதி செய்யப்பட்டுள்ளது. வேன் மீண்டும் வீட்டில் கொண்டு சேர்க்கும்.'

தம்பின் சாலைக்காரர் வேன் விட்டிருந்தார். வெட்டுப்பட்டதில் முக்கால்வாசி நாகமுத்து எழுதியது. பிழைத்தது இந்த முறை அவர் எழுதாதது.

அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல்லை இங்கே எழுதத்தான் வேண்டும். "பத்திரிகைக்காரன் சேர்த்துட்டான் பாய்."

"அப்படியா செஞ்சாங்க?" நைனா முகம்மது நம்பினார். நம்பக்கூடியவர். "அப்ப ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க தம்பி. நாளைக்கே மறுப்புப் போட்டுருவாங்கல்ல?"

மறுப்பு என்ற சொல் அந்தக் கடையின் புதுச் சுண்ணாம்பு வாசனையில் மிதந்து வந்து நாகமுத்துவின் சட்டைப்பையில் உட்கார்ந்தது. போன் போட்டால் உதவி ஆசிரியர் ஃபேக்ஸை எடுத்துப் பார்ப்பார். சாய்ந்த கையெழுத்து சாட்சி சொல்லும். அட்டை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று சொன்னார். திங்கள் ஏட்டை ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் யாருமில்லாமல் யார் தயாரிப்பார்கள் என்று கேட்கும் வழக்கம் துணிக்கடைக்காரருக்கு இல்லை.

மறுப்புக்குப் பதிலாக, செய்தியை உண்மையாக்கிவிடுவது என்று தீர்மானித்தார். வேன் வரும் என்று எழுதியாயிற்று, வேன் போய்விட்டால் மறுப்புக்கு இடமேது? சிறந்த யோசனை. குறை ஒன்றுதான்: தீபாவளிக்கு முந்திய ஞாயிறு மலாக்காவில் ஓடுகிற வேன் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். கடைசியில் சிக்கியவர் மணியம், தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். காலை ஓவர்டைம் ஆட்களை இறக்கியாயிற்று; மாலையில்தான் திரும்ப ஏற்ற வேண்டும்.

"பெரிய நிருபரு என்னைக் கூப்பிடுறாரு," என்றார் மணியம், பஸ்ஸை எடுத்தபடி. "போன தீபாவளிக்கு எங்க கோயில் கூட்டத்தைப் போடச் சொன்னேன், ஞாபகம் இருக்கா? இடமில்லைன்னீங்களே. இப்ப என் பஸ்ல நிறைய இடம் இருக்குலா, எங்க வேணும்னாலும் உக்காருங்க."

நாகமுத்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். பஸ்ஸின் நெற்றியில் தொழிற்சாலையின் பெயர் இருந்தது. ஜாசின் சாலையில் ஒவ்வொரு முச்சந்தியாக நிறுத்தினார்கள். முதல் இரண்டிலும் ஆளில்லை. மிட்டாய்க் காகிதம் கிடந்தது. ஓரிடத்தில் மல்லிகைச் சரம் ஒன்று, பின்னிய கூந்தலிலிருந்து நழுவியது, செம்மண்ணில் கிடந்தது. மணியம் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துவிட்டு, கியரை மாற்றினார்.

புக்கிட் செரோஜா தோட்டத்து முச்சந்தியில், பஸ் நிற்கும் கொட்டகையில், இன்னும் சில பெண்கள் இருந்தார்கள். நடுவில் வேலாயி. ரப்பர்ப் பால்மரம் வெட்டுபவள், கணவனை மூன்று மாதத்துக்கு முன் இழந்தவள். அவள் வீட்டுச் சாவுச் செய்தியைப் போட்டவர் நாகமுத்துதான், ஆகவே இருவருக்கும் பழக்கம். மாதத்தில் வெளியே போக ஏற்ற ஞாயிறு, சம்பளம் வந்த பிறகு வருவது ஒன்றுதான். அந்த ஒன்றை வேனுக்காக வைத்திருந்தார்கள். ஊர்ப் பஸ்ஸை விட்டுவிட்டார்கள், அதில் காசு கொடுத்துப் போவானேன் என்று. பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பவுடர் பூசி, வெயில் ஏறும்வரை நின்றதில் பவுடர் கோடு கோடாய் இறங்கியிருந்தது.

"வாங்க தம்பி," என்றாள் வேலாயி. எழுந்திருக்கவில்லை. "நீங்களாச்சும் வந்தீங்க."

"அக்கா, பஸ் கொண்டு வந்திருக்கேன். ஏறுங்க. எல்லாரையும் கூப்பிடுங்க."

"எந்தக் கடைக்கு?"

அவர் சொன்னார்.

வேலாயி பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "நான் சனிக்கிழமை ராத்திரி பேப்பரை வாங்கி எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். உங்க பேரு போட்டிருந்திச்சு, அதான் நம்பினோம். உங்களைக் குத்தம் சொல்லல தம்பி. கடைக்காரன் சொன்னதை நீங்க எழுதினீங்க, பாவம், உங்களையும் ஏமாத்திட்டான். போன் போட்டா, வேனே இல்லைங்கிறா அந்தப் பொம்பள. ஹாஜராவோ என்னவோ."

பக்கத்திலிருந்தவள் அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லி, கூடவே ஒன்றும் சேர்த்தாள். சேர்த்ததை அச்சேற்ற முடியாது.

இதுதான் சந்தர்ப்பம். நாகமுத்து வாயைத் திறந்தார்.

"அது வந்து, பத்திரிகையில ஏதோ..." என்று ஆரம்பித்தார். வேலாயி கையமர்த்தினாள்.

"விடுங்க தம்பி. எங்க வீட்டுக்காரருக்கு இது முதல் தீபாவளி. வேட்டி சட்டை எடுத்து, மஞ்சள் வச்சுப் படைக்கணும். ஏமாத்துனவன் கடையில எடுத்த துணியை அவரு முன்னாடி எப்படி வைப்பேன்? நாளைக்குக் காலையில பெரட்டுல பேர் கூப்பிடும்போது எல்லாருக்கும் சொல்லிருவோம். பக்கத்துத் தோட்டத்துக்கும் ஆள் போயாச்சு. அந்தக் கடை வாசலை மிதிக்கறதில்லை."

"அப்ப துணிக்கு என்னக்கா பண்ணுவீங்க?"

"பழசைத் துவைச்சு வச்சுக்கறேன். அவரு கோவிச்சுக்க மாட்டாரு."

பஸ் காலியாகத் திரும்பியது. பஸ்ஸில் இருந்த அத்தனை இடத்திலும் நாகமுத்துவால் சரியாக உட்கார முடியவில்லை. குருபோங் கிளைச்சாலையில் மணியம், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "உங்க மேல அவங்களுக்குக் கோவமே வரலியே. அந்த பாய்க்குத்தான் எல்லாம்," என்றார். அதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் தேவலை.

கடையில் பசியாறல் பானைகளை அப்படியே திருப்பியனுப்பிக்கொண்டிருந்தார்கள். நைனா முகம்மது கல்லாவில் இல்லை, வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹாஜரா தொலைபேசிக் குழாயைக் கீழே எடுத்து வைத்திருந்தாள், இனி அடிக்காதபடிக்கு.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேன் விட்டிருப்பேன்லா, தம்பி," என்றார் அவர். "அண்ணன்கிட்ட கேட்டிருந்தா கொடுத்திருப்பாரு. பத்திரிகைக்காரனுக்கு என் மேல என்ன கோவமோ. காலையிலேர்ந்து இவ பேரைச் சொல்லித் திட்டுறாங்க. என் பேரை வச்சிருக்கலாம். இவ பேரை வச்சிட்டேன்."

ஹாஜரா விரித்துப் போட்ட சேலை ஒன்றை மடிப்பு மாறாமல் மடித்து அடுக்கினாள். பிறகு அதே சேலையை எடுத்து மீண்டும் மடித்தாள்.

அன்று வீட்டில் புனிதா கேட்டதற்கெல்லாம் நாகமுத்து "ம்" என்றார். அட்டையைச் சட்டையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அலமாரியைத் திறந்தார். கோயில், சங்கம், கடை, இரத்த தானம், நன்றி நவிலல், ஆழ்ந்த இரங்கல்: எல்லாவற்றுக்கும் பழைய பிரதி இருந்தது. அவர் தேடியதற்கு மட்டும் இல்லை. பத்தாண்டு நிருபர் வாழ்க்கையில் நகலெடுக்க ஒரு மறுப்புகூடச் சேரவில்லை. வெள்ளை மைப் புட்டியைக் குலுக்கிப் பார்த்தார், வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் எழுத உட்கார்ந்தார்.

முதலில் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று தொடங்கினார். காரணம் தவிர்க்கக்கூடியதாக இருந்தது. அடித்தார். 'அச்சுப் பிழையால்' என்று எழுதினார். அதையும் அடித்தார். 'மக்கள் வெள்ளம்' என்ற சொற்கள் பழக்கதோஷத்தில் வந்து நின்றன, கோடு போட்டு அனுப்பிவைத்தார். புனிதா எட்டிப் பார்த்து, "என்னாங்க, ஏன் இவ்வளவு அடிச்சிருக்கீங்க? எப்பவும் அடிக்கவே மாட்டீங்களே," என்றாள். கடைசியில் தங்கியவை நான்கு வரிகள். அவற்றில் அழகான சொல் ஒன்றுகூட இல்லை.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மதியத்துக்கு முன் ஃபேக்ஸ் கடைக்குப் போனார். மறுப்பு இலவசச் செய்திபோல் இடத்துக்காகக் காத்திருக்காது; திங்கள் மதியம் போனால் செவ்வாய் ஏட்டில் வரும். தோட்டத்தில் அதைச் செவ்வாய் மாலை யாராவது படித்தால், கடைக்குப் போகப் புதன் ஒரு நாள் மிச்சமிருக்கும். படிப்பார்களா, படித்தாலும் வருவார்களா என்பதை எந்த நிருபராலும் முன்கூட்டி எழுத முடியாது.

ஃபேக்ஸ் போன பிறகு கோலாலம்பூருக்குப் போன் போட்டார். உதவி ஆசிரியர் புவனேந்திரன் எடுத்தார். தாள் கையில் இருப்பது குரலில் தெரிந்தது.

"அண்ணே, என்ன இது? நாங்க பொதுவா 'தவறுக்கு வருந்துகிறோம்'னு ஒரு வரி போட்டு முடிச்சிருவோம். யாரோட தவறுன்னு போடுற வழக்கமில்லைலா."

"தெரியும் தம்பி."

"இதுல நீங்க, 'இந்த வேன் தகவலைக் கடை உரிமையாளர் சொல்லவில்லை, வேறொரு கடையின் பழைய அறிக்கையிலிருந்து, படித்துப் பார்க்காமல் நான் சேர்த்துவிட்டேன்'னு எழுதியிருக்கீங்க. கீழே பேரு வேற. இதைப் போட்டா ஆசிரியர் பெரியவரு பார்ப்பாரு. அட்டையைத் திருப்பிக் கேட்பாரு. பேரை மட்டுமாவது வெட்டிடவா?"

ஃபேக்ஸ் கடையின் கண்ணாடி வழியே சாலை தெரிந்தது. அங்கிருந்து நடந்தால் ஹாஜரா டெக்ஸ்டைல் தூரமில்லை. திறந்திருந்தது. வாசலில் வாழைமரம் இன்னும் கட்டியிருந்தது, இலை துவண்டு. உள்ளே போவார் யாருமில்லை.

"வெட்டாதீங்க," என்றார் நாகமுத்து. "நமது மலாக்கா நிருபர்னு மட்டும் போட வேணாம். வெறும் நாகமுத்துன்னு போடுங்க. அங்க படிச்சுக் காட்டறவங்களுக்கு அந்தப் பேரு தெரியும்."

குழாயை வைத்துவிட்டு, ஃபேக்ஸ் கடைக்காரரிடம் மூலத்தாளை வாங்கி, ஒருமுறை முழுவதும் படித்தார். பிறகு அதை நாலாக மடித்து, அட்டை இருந்த பையில் வைத்துக்கொண்டு, துணிக்கடைப் பக்கம் நடந்தார். நைனா முகம்மது அதை நாளை ஏட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.